புது ஆபீசரைப் பற்றி வீட்டில் தினமும் பேச்சு. இப்போது திடீரென்று பேச்சே இல்லை. எதற்குப் பயப்பட வேண்டும்?

காயில்கட்டி (மார்ச் 14, இரவு 11.40)

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 39. மனைவி ஒரு வங்கிக் கிளையில் கேஷியர். கல்யாணமாகி 11 வருடம், மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாள்.

டிசம்பரில் அவள் கிளைக்கு மாற்றலாகி ஒரு ஆபீசர் வந்தார். குடும்பம் திருச்சியில், இவர் இங்கே தனியாக அறை எடுத்திருக்கிறார். என் மனைவியைவிட இரண்டு மூன்று வயது இளையவர். அவர் வந்ததிலிருந்து ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அவர் பேச்சுதான். "இன்னைக்கு அவர் என்ன செஞ்சார் தெரியுமா", "அவர் இருந்தா ஒரு தைரியம்" என்று. முதலில் 'புது ஆபீசர்' என்றாள். பிறகு பெயரைச் சொல்லி 'சார்' சேர்த்தாள். சாயந்தரம் கிளையில் எல்லோரும் போன பிறகு இவர்கள் இரண்டு பேரும்தான் கடைசியாகக் கிளம்புகிறார்கள். ஒரு நாள் 8.15 ஆகிவிட்டது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் அனுப்பிய எதையோ பார்த்துச் சிரித்தாள்.

பத்து நாளைக்கு முன்னால் என்னால் அடக்க முடியவில்லை. "உங்க கிளையில வேற ஆளே இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். குரலும் சரியாக இல்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் தட்டைக் கழுவப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. புகழ்ந்தபோது எரிச்சலாக இருந்தது. இப்போது பேசாமல் இருப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது. நான்தான் கோட்டிக்காரனா?

---

நாலும்தெரிந்தவன் (மார்ச் 15, காலை 6.55)

நண்பரே, உங்கள் பயம் சரி. புகழ்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை. மனதில் கள்ளம் இருப்பவர் யாரும் வீட்டில் வந்து பெயரைச் சொல்ல மாட்டார். பேச்சு எப்போது நிற்கிறதோ அப்போதுதான் விஷயம் ஆரம்பிக்கிறது. போனைக் கவிழ்த்து வைக்கிறாரா, பூட்டு மாற்றியிருக்கிறாரா என்று பாருங்கள். தொலைபேசி நிறுவனத்தில் தெரிந்த ஆள் இருந்தால் மூன்று மாத அழைப்புப் பட்டியலை எடுத்துவிடலாம். சந்தேகத்தோடு இருப்பதைவிட ஆதாரத்தோடு இருப்பது நல்லது.

---

ஷார்ஜா_வெயில் (மார்ச் 15, காலை 9.20)

சகோதரி, உங்கள் நிலைமை எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆண்கள் இப்படித்தான், வீட்டில் இருப்பவள் செய்வது கண்ணுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரரும் ஒரு வருடம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் புராணம் பாடினார். எக்செல் அவளைப் போல யாருக்கும் தெரியாதாம், அவள் கொண்டுவரும் கேக் அப்படியாம். நான் ஆறு மாதம் சண்டை போட்டேன். அப்புறம் அவள் கனடாவுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இவர் அவள் பெயரையே எடுத்ததில்லை. ஒன்றும் இல்லாததால் மறந்துவிட்டாரா, இருந்ததால் எடுக்கவில்லையா? நாலு வருடம் ஆகிறது, எனக்கு இன்னும் தெரியாது. நீங்கள் கணவரிடம் கேட்டுவிடுங்கள்.

---

காயில்கட்டி (மார்ச் 15, காலை 9.45)

அக்கா, நான் ஆண். வங்கியில் வேலை பார்ப்பது என் மனைவி. ஆனால் நீங்கள் சொன்ன அந்தக் கடைசி விஷயம் என்னைத் தூங்கவிடாது போலிருக்கிறது.

---

சில்லறைக்கௌண்டர் (மார்ச் 15, பகல் 12.10)

தம்பி, நான் 31 வருடம் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவள். அதில் பாதிக்கு மேல் கேஷ். உங்கள் மனதில் இருப்பது எனக்குத் தெரியாது, ஆனால் நீங்கள் எழுதியதில் ஒன்றை மட்டும் என்னால் உறுதியாகத் தீர்த்துவைக்க முடியும்.

இரண்டு பேரும் கடைசியில் கிளம்புகிறார்கள் என்றீர்களே, உங்கள் மனைவியிடம் பெட்டகச் சாவி இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். வங்கியில் பணப்பெட்டகத்தை ஒரு ஆள் தனியாகத் திறக்கவோ பூட்டவோ கூடாது. இரண்டு சாவி. ஒன்று கேஷ் பொறுப்பில் இருப்பவரிடம், இன்னொன்று ஆபீசரிடம். காலையில் இரண்டு பேரும் வந்தால்தான் பெட்டகம் திறக்கும். சாயந்தரம் கணக்கு நேரான பிறகு இரண்டு பேரும் சேர்ந்து பணத்தை வைத்துப் பூட்டினால்தான் கிளம்ப முடியும். மற்றவர்கள் 5.30க்குப் பையை எடுத்துக்கொண்டு போவார்கள். இந்த இரண்டு பேர் போக முடியாது. எனக்கும் என் சக சாவிக்காரருக்கும் ஒன்பது வருடம் அப்படி. அவர் முகத்தைப் பார்த்த அளவு என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன். பெரும்பாலான நாள் எப்படா பூட்டுவோம் என்று கொட்டாவி விட்டுக்கொண்டு இருப்போம்.

இன்னொன்று. கேஷ் குறைந்தால் கேஷியர்தான் கைப்பணத்தில் கட்ட வேண்டும். கள்ள நோட்டு நம் கவுண்டரில் புகுந்தாலும் அதே கதைதான். அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து திரும்ப எண்ணிப் பார்க்கும் ஆபீசரும் உண்டு, "நீங்க கட்டிடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுக்கும் ஆபீசரும் உண்டு. முதல் வகை ஆள் வந்தால் எந்தக் கேஷியரும் வீட்டில் போய்ப் புகழத்தான் செய்வாள். நானும் புகழ்ந்திருக்கிறேன்.

---

நாலும்தெரிந்தவன் (மார்ச் 15, பகல் 1.05)

சாவி சரி. ஞாயிற்றுக்கிழமை சிரிப்புக்கும் இரட்டைச் சாவி விதி இருக்கிறதா அம்மா?

---

சில்லறைக்கௌண்டர் (மார்ச் 15, பகல் 1.30)

இல்லை. அதனால்தான் ஒன்றை மட்டும் என்றேன்.

---

தாழ்வாரம் (மார்ச் 15, இரவு 8.50)

மதுரையில் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். வாரத்துக்கு ஒரு தம்பதியாவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பேச்சு நின்றால் ஆபத்து என்று மேலே ஒருவர் சொன்னார். அது பாதி சரி. ஒரு பெயர் யாரும் எதுவும் சொல்லாமலே வீட்டுப் பேச்சிலிருந்து மெல்ல மறைந்தால், அதே சமயம் அந்த ஆளோடு பழக்கம் மட்டும் அப்படியே இருந்தால், நானும் அதைக் கவனிப்பேன். ஆனால் காயில்கட்டி வீட்டில் நடந்தது அது இல்லை. இவர் அதட்டினார், அன்றைக்கே மனைவி நிறுத்திவிட்டார். அந்த மௌனம் இவர் உண்டாக்கியது. அதை வைத்து இனி எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு தப்பும் செய்யாதவரும் நிறுத்தியிருப்பார், தப்பு செய்பவரும் நிறுத்தியிருப்பார். நீங்கள் மோட்டார் வேலைக்காரர், உங்களுக்குப் புரியும்: சோதிக்கிறேன் என்று வயரைப் பிடுங்கிவிட்டு, கரண்ட் வரவில்லையே என்று பார்ப்பது போல.

அதனால் மார்ச்சை விடுங்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை அவர் தானாகப் பேசியதுதான் நமக்கு உதவும். ஒரு வேலை செய்யுங்கள். அந்த ஆபீசரைப் பற்றி உங்கள் மனைவி சொன்னதாக நினைவிருப்பதை எல்லாம், முடிந்தவரை அவருடைய வார்த்தையிலேயே எழுதுங்கள். உங்கள் விளக்கம் வேண்டாம்.

---

காயில்கட்டி (மார்ச் 16, இரவு 11.15)

பட்டறையில் உட்கார்ந்து பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதினேன். நினைவுக்கு வந்தது எட்டு.

சாவி இருக்கிறது, அம்மா சொன்னது சரி. ஜனவரியில் இருந்து. அவள் சொல்லியிருக்கிறாள், நான்தான் காதில் வாங்கவில்லை.

அந்த 8.15 நாளில் கணக்கில் 20,000 குறைந்ததாம். இவள் அழுகிற நிலைக்குப் போய்விட்டாளாம். அவர் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்து, 200 ரூபாய்க் கட்டு ஒன்று அழுக்கு நோட்டுக் கட்டுகளோடு போயிருந்ததைக் கண்டுபிடித்தாராம். நூறு தாள், சரியாக 20,000. "பழைய ஆபீசரா இருந்தா நான் கட்டியிருப்பேன்" என்றாள். நகைக்கடன் வரிசையில் ஒருவர் இவளைத் திட்டியபோது அவர் எழுந்து வந்து பேசினார், அது ஒன்று. கம்ப்யூட்டரில் ஏதோ குறுக்குவழி சொல்லிக்கொடுத்தார், அது ஒன்று. மேனேஜரிடம் லீவு கேட்டு வாங்கிக் கொடுத்தது ஒன்று. டிபன் பாக்ஸில் கொண்டுபோன சொதியை அவர் சாப்பிட்டுவிட்டு "திருச்சியில இதெல்லாம் கிடையாது மேடம்" என்றது ஒன்று. அவர் மகனுக்குப் பேச்சு தாமதமாக வருகிறது, அதற்காக ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறிப் போகிறார், "பாவம்" என்றாள், அது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வந்த செய்தி கிளையின் குரூப்பில் அவர் போட்டதா தனியாக வந்ததா, எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.

எட்டாவதை எழுதும்போது கை நின்றுவிட்டது. அவள் அம்மாவுக்கு ஜனவரி கடைசியில் கோவில்பட்டியில் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. நான் போய் நின்றேன், பணம் கட்டினேன், திரும்பி வந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து அவள் சொன்னாள்: "அவர் தினமும் காலையில அம்மா கால் எப்படி இருக்குன்னு கேக்காரு." அந்த ஒரு வாரத்தில் நான் ஒரு நாள் கூடக் கேட்கவில்லை.

---

தாழ்வாரம் (மார்ச் 16, இரவு 11.55)

நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். நான் இதை எப்படிப் படிக்கிறேன் என்று சொல்கிறேன்.

எட்டில் ஐந்து வேலை. அதுவும் பயம் போன கதைகள்: பணம் கட்ட வேண்டியதில்லை, திட்டு வாங்க வேண்டியதில்லை. இதில் அந்த ஆளைவிட அவர் கொடுத்த நிம்மதிதான் பெரிதாகத் தெரிகிறது. மனம் சாய்கிறபோது புகழ்ச்சி வேறு மாதிரி இருக்கும். செயலே இல்லாமல் ஆளை மட்டும் பற்றி வரும். அவர் நடக்கிற விதம், குரல், ரசனை, "அவருக்கு என்னை நல்லாப் புரியுது" என்பது. அப்புறம் ஒப்பீடு வரும், "நீங்க ஏன் அப்படி இல்ல" என்று. உங்கள் பட்டியலில் அது ஒன்றும் இல்லை. அவருடைய குறை ஒன்றையும் உங்கள் மனைவி சொல்லியிருக்கிறாரா என்று மட்டும் யோசியுங்கள். ஒருவரின் குறை கண்ணுக்குத் தெரிகிறவரை மனம் தரையில்தான் நிற்கிறது.

ஆனால் இதைவிட எனக்கு முக்கியம் வேறு. ஷிர்லி கிளாஸ் என்று ஒரு அமெரிக்க உளவியலாளர் இருந்தார், 2003ல் காலமானார். அலுவலக நட்பு எப்படி வேறாக மாறுகிறது என்பதைத்தான் வாழ்நாளில் பெரும்பகுதி பார்த்தவர். சுவர், சன்னல் என்று அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். கணவன் மனைவிக்கு நடுவில் சன்னல் திறந்திருக்க வேண்டும், வெளியாளுக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் இருக்க வேண்டும். நட்பு எல்லை தாண்டும்போது இது மெல்லத் தலைகீழாகும். வீட்டு விஷயம் எல்லாம் வெளியாளுக்குத் தெரியும், வெளியாள் விஷயம் வீட்டுக்குத் தெரியாது.

உங்கள் வீட்டில் சன்னல் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது? அந்த ஆபீசரின் மகனுக்குப் பேச்சு வரவில்லை என்பது வரை உங்களுக்குத் தெரியும். அவருக்கு மனைவி உண்டு, சனிக்கிழமை போகிறார், எல்லாம் சாப்பாட்டு மேசைக்கு வந்திருக்கிறது. அது திறந்த சன்னல், நல்லது. உங்களுக்குத் தெரியாதது மறுபக்கம். உங்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? மாமியார் கால் தெரியும். அது யாருக்கும் சொல்லக்கூடிய விஷயம். உங்கள் சண்டை தெரியுமா? "என் வீட்டுக்காரர் அம்மாவைப் பற்றிக் கேட்கவே இல்லை" என்பது தெரியுமா? நான் எல்லை வைப்பது அங்கேதான். துணை மேல் இருக்கும் குறையைத் துணையிடம் சொல்லாமல் ஒரு சக ஊழியரிடம் சொல்ல ஆரம்பிக்கும் நாள்தான் என் அனுபவத்தில் திருப்பம். சிரிப்பும் சொதியும் எனக்குப் பெரிதில்லை.

---

ஓஎம்ஆர்_பயணி (மார்ச் 17, இரவு 12.40)

இரண்டு நாளாகப் படிக்கிறேன், எழுதலாமா வேண்டாமா என்று. நான் மறுபக்கத்து ஆள். மனம் சாய்ந்தவன்.

சென்னையில் மென்பொருள் வேலை. ஒரே கேப், ஒரே குழு, சிறுசேரியிலிருந்து வீட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம். நானும் முதல் நாலு மாதம் வீட்டில் அவளைப் பற்றி நிறையப் பேசினேன். மனைவியும் சிரிப்பாள். அப்போது உள்ளே ஒன்றும் இல்லை, இன்றைக்கும் சத்தியம் செய்வேன். தாழ்வாரம் அய்யா சொன்ன மாதிரி ஒரு நாளைக் குறித்துச் சொல்ல என்னால் முடியும், ஆனால் என் நாள் அவர் சொன்னது இல்லை. ஒரு நாள் துரைப்பாக்கம் பக்கம் கேப் பஞ்சர். இருபது நிமிடம் ஒரு ஜூஸ் கடையில் நின்றோம். பேசியது அப்ரைசல் பற்றி. வீட்டுக்கு வந்ததும் மனைவி "ஏன் லேட்டு" என்றாள். "பஞ்சர்" என்றேன். ஜூஸ் கடையைச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? மறைக்க ஒன்றுமே இல்லை. சொன்னால் அதன் சுவை போய்விடும் என்று தோன்றியது. அவ்வளவுதான். அடுத்த வாரம் இன்னொன்றைச் சொல்லவில்லை. அதிலிருந்து மூன்றாவது மாதம் சொல்லாதவை சொன்னவற்றைவிட அதிகமாகிவிட்டன. அதற்கும் பிறகுதான் வீட்டுக் குறைகளை அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். அதாவது எனக்கு முதலில் மூடியது வீட்டுச் சன்னல், வெளிச்சுவர் அப்புறம்தான் உடைந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை வெளியிலிருந்து யாரும் பார்த்திருக்க முடியாது. காலையில் சட்டை எடுக்கும்போது இன்று அவள் வருகிறாளா என்று யோசித்தேன். அவள் லீவு என்றால் அந்த நாளே சப்பென்று இருந்தது. என் மனைவி போனை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. போனில் எல்லாம் டிக்கெட் எண்ணும் மீட்டிங் நேரமும்தான்.

மேற்கொண்டு என்ன ஆனது என்று எழுத விருப்பமில்லை. வீடு இருக்கிறது. பழைய மாதிரி இல்லை.

---

நாலும்தெரிந்தவன் (மார்ச் 17, காலை 7.10)

பயணி, தப்பாக நினைக்காதீர்கள். வீட்டில் ஏதோ குறை இருந்திருக்கும். சந்தோஷமான வீட்டிலிருந்து யாரும் வெளியே பார்ப்பதில்லை. காயில்கட்டி, உங்கள் வீடு சந்தோஷமாக இருக்கிறதா? அதைச் சொல்லுங்கள், மற்றது தானாகத் தெரியும்.

---

ஓஎம்ஆர்_பயணி (மார்ச் 17, காலை 8.00)

ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்கும் இன்னும் புரியாதது.

---

தாழ்வாரம் (மார்ச் 17, காலை 9.15)

நாலும்தெரிந்தவன் சொல்வதை நானும் ஒரு காலத்தில் நம்பினேன். மேலே சொன்ன கிளாஸும் இன்னொரு ஆய்வாளரும் 1985ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வெளி உறவு வைத்திருந்தவர்களில் ஆண்களில் 56 சதவீதமும் பெண்களில் 34 சதவீதமும் தங்கள் மணவாழ்க்கை சந்தோஷமானது என்றே சொன்னார்கள். அது அந்த ஊர், அந்தக் காலம். நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'வீடு நன்றாக இருக்கிறது, அதனால் பயமில்லை' என்ற கணக்கும், 'ஏதோ நடந்திருக்கிறது, அதனால் வீட்டில்தான் குறை' என்ற கணக்கும் இரண்டுமே நிற்காது. தினமும் ஒரே ஆளோடு ஒரே அவஸ்தையைப் பகிர்ந்தால் பிடித்துப்போகும். கூடவே சின்னச் சின்னதாக மறைக்கத் தொடங்கினால் அது வேகம் பிடிக்கும்.

பயணி சொன்ன வரிசை எனக்குப் பாடம். முதலில் வருவது விடுபட்ட வாக்கியம்தான் என்றால், நான் சொன்ன எல்லையை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்த வேண்டும்.

---

கோர்ட்_வராண்டா (மார்ச் 17, பகல் 2.20)

அழைப்புப் பட்டியல் பேச்சு வந்ததால் ஒரு குறிப்பு. மனைவிக்குத் தெரியாமல் அவருடைய அழைப்பு விவரத்தை எடுத்துத் தாக்கல் செய்த கணவர் ஒருவரின் வழக்கில், 2024 அக்டோபரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அது அந்தரங்க உரிமை மீறல், சான்றாக ஏற்க முடியாது என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், ரகசியமாகப் பதிவு செய்த தம்பதியின் பேச்சை விவாகரத்து வழக்கில் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஆக சட்டம் இன்னும் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருக்கிறது. தெரிந்த ஆளை வைத்துப் பட்டியல் எடுப்பதில் அந்த ஆளின் வேலைக்கும் ஆபத்து. இவர் வழக்குப் போடவே போவதில்லை. எதற்கு இது?

---

சில்லறைக்கௌண்டர் (மார்ச் 17, மாலை 6.40)

ஆலோசகர் அய்யா இனி பேசச் சொல்வார். நான் சொல்வது வேறு. பேச வேண்டாம். அந்த ஆபீசரை ஒரு நாள் சாப்பிட வீட்டுக்குக் கூப்பிடுங்கள். தனியாக இருக்கிற ஆள், ஓட்டல் சாப்பாடு. உங்கள் முகத்தையும் குழந்தை முகத்தையும் பார்த்தால் எதுவும் இருந்தாலும் அடங்கிவிடும். எங்கள் காலத்தில் அப்படித்தான். சக சாவிக்காரரின் வீட்டுக்காரியும் நானும் இன்றைக்கும் தீபாவளிக்குப் பலகாரம் மாற்றிக்கொள்கிறோம்.

---

தாழ்வாரம் (மார்ச் 17, இரவு 9.05)

கூப்பிடுவது நல்ல யோசனைதான், ஆனால் இரண்டாவதாக. பத்து நாள் முறைப்புக்குப் பிறகு திடீரென்று "அவரைச் சாப்பிடக் கூப்பிடு" என்றால் அது விருந்து இல்லை, அடையாள அணிவகுப்பு. உங்கள் மனைவிக்கும் அது தெரியும்.

முதலில் அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப எடுங்கள். 'நீ', 'அவர்' என்று ஆரம்பிக்காதீர்கள், 'எனக்கு' என்று ஆரம்பியுங்கள். கேள்வியும் ஒன்றே ஒன்று இருக்கட்டும், ஆமாம் இல்லை என்று முடிகிற கேள்வியாக இருக்கக் கூடாது. "உனக்கு அவரைப் பிடிக்குமா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், அதை நீங்கள் நம்பவும் மாட்டீர்கள். அந்த 20,000 நாளைப் பற்றிக் கேளுங்கள். அன்றைக்கு நீங்கள் பாதிதான் கேட்டீர்கள். அவர் விரிவாகச் சொல்கிறாரா, ஒரே வரியில் முடிக்கிறாரா என்பதைப் பாருங்கள். படுக்கையில் வேண்டாம், குழந்தை முன்னால் வேண்டாம், நேருக்கு நேர் உட்காரவும் வேண்டாம். பைக்கில் போகும்போது, பாத்திரம் துடைக்கும்போது நல்லது.

---

காயில்கட்டி (மார்ச் 26, இரவு 10.50)

ஒன்பது நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். மார்ச் கடைசி, பட்டறையிலும் விவசாய மோட்டார்கள் வந்து குவிந்துவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை மாமியாரைப் பார்க்கக் கோவில்பட்டிக்குப் பைக்கில் போனோம். நான்தான் கூப்பிட்டேன். கயத்தாறு தாண்டி டீக்குடிக்க நிறுத்தியபோது சொன்னேன். "அன்னைக்கு நான் கேட்டவிதம் சரியில்ல. நீ அவரைப் பத்திச் சொல்லும்போது எனக்கு நம்மகிட்ட இதெல்லாம் இல்லையோன்னு இருந்துச்சு" என்று. மேலே எழுதியதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அது வரவில்லை. இதுதான் வந்தது.

அவள் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்தாள். "அவர் கால் எப்படி இருக்குன்னு கேட்டப்ப எனக்கு உங்க மேல கோவம் வந்துச்சு" என்றாள். அதை அவரிடம் சொன்னாயா என்று கேட்கத் துடித்தது. கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "ஒரு நாள் சொல்ல வந்துட்டேன். அவர்கிட்ட ஏன் சொல்லணும்னு நிறுத்திட்டேன்." 20,000 கதையைக் கேட்டேன். கோவில்பட்டி போகிறவரை சொன்னாள். அழுக்கு நோட்டுக் கட்டில் அதைப் போட்டது அவளேதான் என்பதையும், அவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டி ஒரு வாரம் உயிரை எடுத்தார் என்பதையும் அன்றைக்கு என்னிடம் சொல்லவில்லை. ஆக, குறை இருக்கிறது. தாழ்வாரம் சார் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை செய்தி என்னவென்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது அவளே போனை நீட்டி, "பாக்கணுமா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

---

நாலும்தெரிந்தவன் (மார்ச் 27, காலை 6.40)

பார்த்திருக்க வேண்டும். நீட்டினார் அல்லவா? பார்த்துவிட்டால் அன்றோடு முடிந்திருக்கும்.

---

ஓஎம்ஆர்_பயணி (மார்ச் 27, காலை 8.15)

'சொல்ல வந்துட்டேன், நிறுத்திட்டேன்' என்றாரே. நான் நிறுத்தாத இடம் அது. போனைவிட அது பெரிய தகவல் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, முடிவு உங்களுடையது.

---

ஷார்ஜா_வெயில் (மார்ச் 27, பகல் 11.30)

சகோதரரே, நேற்று ராத்திரி நான் என் வீட்டுக்காரரிடம் கனடா பெண்ணைப் பற்றிக் கேட்டேன். நாலு வருடத்துக்குப் பிறகு. "யாரு?" என்றார். நடிக்கிறாரா, உண்மையிலேயே மறந்துவிட்டாரா என்று இப்போது அது வேறு கவலை.

---

தாழ்வாரம் (மார்ச் 27, இரவு 9.40)

காயில்கட்டி, பார்க்காமல் விட்டது சரியா தவறா என்று நான் சொல்ல மாட்டேன். என்னிடம் வருபவர்களில் பார்த்து நிம்மதி அடைந்தவர்களும் உண்டு, ஒன்றைப் பார்த்தபின் தினமும் பார்க்க ஆரம்பித்தவர்களும் உண்டு. இனி அவர் அந்த ஆபீசரைப் பற்றித் தானாகப் பேச ஆரம்பிக்கிறாரா என்று ஒரு மாதம் கவனியுங்கள். ஆரம்பித்தால் முகத்தைச் சுருக்காதீர்கள்.

---

சில்லறைக்கௌண்டர் (மார்ச் 28, காலை 10.00)

தம்பி, அம்மா கால் எப்படி இருக்கிறது? மடக்குகிறார்களா?

---

காயில்கட்டி (மார்ச் 31, மாலை 6.25)

மடக்குகிறார்கள் அம்மா, படியேற மட்டும் ஆள் வேண்டும்.

இன்று வருடக் கணக்கு முடிக்கும் நாள். கிளம்ப ராத்திரி 10 ஆகும் என்று செய்தி வந்தது. அதில் அவர் பெயரும் இருந்தது, "சார் எல்லாரையும் போட்டு வாட்டுறாரு" என்று. சாப்பாடு கொண்டுவரட்டுமா, உனக்கு மட்டுமா, சாவிக்காரர் இரண்டு பேருக்குமா என்று கேட்டேன். ஆறு பேருக்கு என்று பதில். சொதி வைக்க எனக்குத் தெரியாது, அதனால் கடையில் பரோட்டா வாங்கப் போகிறேன்.